‘எங்கள் மாந்தோப்பு’ கட்டுரைக்கு என் குறிப்பு

கண்ணு,

போன கட்டுரையில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். நீயும் எல்லா எழுத்துப்பிழையையும் திருத்திக் கொண்டுவந்தாய். ஆனால் கட்டுரை அப்படியேதான் இருந்தது. தப்பு என்னுடையது. இந்த முறை எழுத்துப்பிழைகளைப் பென்சிலால் மட்டும் கோடிட்டிருக்கிறேன், மொத்தம் ஏழு. அகராதியைப் பார்த்து நீயே திருத்திக்கொள். மற்றதைப் பேசுவோம்.

முதலில், உன் நான்காம் பத்தி. டிராக்டரில் ஏற்றிய பெங்களூரா காயை மண்டி வாசலில் நிறுத்திவைத்து, அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றதாக எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி படித்தேன். கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, பார். ‘முக்கனிகளில் முதற்கனி மா’ என்று ஆரம்பிக்கிறாய். உன் வகுப்பில் இன்னும் பதினொரு பேர் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். அடுத்து, கிருஷ்ணகிரி 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது என்கிறாய். உண்மைதான், ஆனால் உங்கள் தோப்பு மரங்களுக்கு அது தெரியாதே! மூன்றாம் பத்தியில் மாங்கனிக் கண்காட்சி. நான்கில் மண்டி. ஐந்தாம் பத்தியில் திடீரென்று தை மாதத்துக்குத் திரும்பிப் போய், பூ பூத்ததைச் சொல்கிறாய்.

மண்டியிலிருந்தே தொடங்கிப் பாரேன். அப்பா நிற்கிறார், விலை படியவில்லை. அப்புறம் பூ, பிஞ்சு, காற்று, பறிப்பு என்று வரிசையாக வந்து, மறுபடி மண்டிக்கே வந்து சேர். எத்தனை மாத உழைப்பு அந்த டிராக்டரில் இருக்கிறது என்பது அப்போது படிப்பவருக்குத் தானாகவே தெரியும், நீ தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டம் பிரிந்த வரியை எடுத்துவிடு. கண்காட்சியை வைத்துக்கொள், ஆனால் மண்டிக்குப் பக்கத்தில் வை. அங்கே தட்டில் அடுக்கி வைத்த பழமும், இங்கே வெயிலில் நிற்கும் காயும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது சொற்கள். ‘அழகான’ ஒன்பது இடத்தில் வருகிறது. அழகான பூ, அழகான காலை, அழகான தாத்தா கூட! அந்தச் சொல்லை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டு, கண்ணில் பட்டது என்ன என்று கேட்டுக்கொள். பூவைப் பற்றி, ‘மரத்தடியில் நின்றால் தலையில் மஞ்சள் தூளாக உதிரும்’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். அதுவே போதும், ‘அழகான’ எதற்கு?

‘சின்ன மாங்காய்’, ‘கெட்ட மாங்காய்’ என்று எழுதுகிறாய். பாவாணர் பாடத்தில் என்ன படித்தோம்? மாம்பிஞ்சுக்கு வடு, சூட்டினால் பழுத்த பிஞ்சுக்கு வெம்பல். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சொல் தோப்பில் உதவாவிட்டால் எப்படி? ஆனால் ஒன்று, மண்டி, தொரட்டி, கூடை போன்ற உங்கள் வீட்டுச் சொற்களை மாற்றாதே. மண்டியை ‘விற்பனை நிலையம்’ என்று ஒருமுறை மாற்றியிருக்கிறாய், அது வேண்டாம்.

கடைசியாக வாக்கியம். இதைச் சத்தமாகப் படி:

‘விடியலில் எழுந்து தோப்புக்குப் போய் காய் பறித்து கூடையில் போட்டு டிராக்டரில் ஏற்றி மண்டிக்குப் போய் அப்பா வியாபாரியிடம் பேசிவிட்டு அவர் கோபமாகப் போனார்.’

மூச்சு வாங்குகிறதா? காய் பறித்தது யார், அப்பாவா நீங்கள் எல்லோருமா? கோபமாகப் போனது அப்பாவா, வியாபாரியா? வினையெச்சங்களை அடுக்கினால், அத்தனை வேலையையும் ஒரே ஆள் செய்ததாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். மூன்றாக உடைத்துப் பார்:

‘விடியலில் நாங்கள் எல்லோரும் காய் பறித்தோம். அப்பா டிராக்டரை மண்டிக்கு ஓட்டிப் போனார். விலை கேட்டதும் வியாபாரி கோபமாக எழுந்து போனார்.’

போனது வியாபாரி என்று நானாக வைத்துக்கொண்டேன். அப்பா என்றால் மாற்றிக்கொள்.

இன்னொன்று, ‘பெரிய தாத்தாவின் தோப்பு’. அப்பாவின் பெரியப்பாவுடைய தோப்பா, இல்லை தோப்புதான் பெரியதா? தோப்பு பெரியது என்றால் ‘தாத்தாவின் பெரிய தோப்பு’ என்று எழுது. ‘காய்கள் விழுந்தது’ என்பதை மட்டும் நான் ‘விழுந்தன’ என்று மாற்றிவிட்டேன், அது உனக்குத் தெரிந்ததுதான்.

முழுக் கட்டுரையையும் திரும்ப எழுத வேண்டாம். முதல் பத்தியையும் மண்டிப் பத்தியையும் மட்டும் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொண்டுவா. மதிப்பெண் அப்போது போடுகிறேன்.

அப்புறம், அன்றைக்கு அந்தக் காய் கடைசியில் என்ன விலைக்குப் போனது? கட்டுரையில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

— தமிழ் டீச்சர்