புதுமருதம்பட்டு ஏரிக்கரை உடைப்பு: வாசகர் மடலும் சரிபார்ப்புக் குறிப்பும் அச்சுக்கான செய்தியும்

செய்தி ஆசிரியர் பார்வைக்கு,

திருவண்ணாமலை மாவட்டம் புதுமருதம்பட்டிலிருந்து வாசகர் ஒருவர் திங்கள்கிழமை காலை 6.15 மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய மடலை முதலில் அவர் எழுதியபடியே தருகிறேன். அடுத்து எதை எப்படிச் சரிபார்த்தோம் என்பதும், இறுதியில் நாளைய பதிப்புக்கான பிரதியும் உள்ளன. மடலில் ஒப்பந்ததாரரின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் அதை நீக்கியிருக்கிறேன்.

வாசகர் மடல்

"ஐயா, வணக்கம். எங்கள் ஊர்ப் பெரிய ஏரி நேற்று ஞாயிறு இரவு 11 மணிக்கு உடைந்துவிட்டது. இதுவரை காணாத பேய் மழை, 30 சென்டிமீட்டர் பெய்தது. போதாததற்கு முன்னறிவிப்பு இல்லாமல் அணையையும் திறந்துவிட்டார்கள். வடக்கு மதகுப் பக்கம் 100 அடிக்குக் கரை அடித்துக்கொண்டு போய்விட்டது. 500 ஏக்கர் நெல் நாசம். மூன்று மாடுகள் செத்துவிட்டன, ஒரு பெரியவரும் இறந்துவிட்டார். காலனித் தெருவில் வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் படுக்க வைத்திருக்கிறோம். ஒரு அதிகாரிகூட இதுவரை எட்டிப் பார்க்கவில்லை. போன வருடம் ஊராட்சி ஒன்றியத்தில் 80 லட்சம் ஒதுக்கிக் கரையைப் பலப்படுத்தினார்கள். ஒப்பந்ததாரர் ஆளுங்கட்சிக்காரருக்குச் சொந்தக்காரர். மேலே மண்ணைத் தூவிவிட்டுப் பணத்தைச் சுருட்டிவிட்டார். வீடியோவும் படமும் அனுப்பியிருக்கிறேன். என் பெயர் வேண்டாம்."

சரிபார்ப்பு

மடலைப் பலமுறை படித்தபின் எனக்குப் பட்டது இது: வாசகர் தம் கண்ணால் கண்டவை ஏறத்தாழ எல்லாம் நிற்கின்றன, பிறர் சொல்லக் கேட்டு எழுதியவைதாம் பெரும்பாலும் விழுகின்றன. ஆகவே மடலைத் தள்ளிவிடாமல், கண்டதையும் கேட்டதையும் பிரித்துப் பார்த்தோம்.

உடைந்த நேரத்தைப் பொறுத்தவரை, கரையில் கசிவு தெரிந்ததும் மணல் மூட்டை அடுக்க ஆட்கள் ஓடியதும் இரவு 11 மணிக்கு என்பதை அங்கிருந்த மூவர் தனித்தனியே உறுதி செய்தனர். ஆனால் கரை பெயர்ந்தது நள்ளிரவு தாண்டிய பிறகே. தீயணைப்பு நிலையத்தில் உடைப்பு பற்றிய முதல் அழைப்பு 12.50 மணிக்குப் பதிவாகியுள்ளது. எனவே செய்தியில் ‘ஞாயிறு இரவு’ வராது, ‘திங்கள்கிழமை அதிகாலை’ என்றே வரும்.

மழை அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, முற்றத்தில் இருந்த பிளாஸ்டிக் வாளி நிரம்பி வழிந்ததாகவும், வாளியின் உயரம் ஓர் அடி என்பதால் 30 சென்டிமீட்டர் என்று எழுதியதாகவும் வாசகர் சொன்னார். வாளியின் வாய் அகலம், அடி குறுகல். வாயில் விழும் மழை குறுகிய அடியில் சேரும்போது உயரம் கூடுதலாகத் தெரியும். போதாததற்கு அந்த வாளி ஓட்டுத் தாழ்வாரத்தின் ஓரத்தில் இருந்திருக்கிறது. வானிலைத் துறையின் கணக்கு ஒரு நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்பதால், திங்கள் காலைப் பட்டியல் வரும்வரை காத்திருந்தோம். வட்டத் தலைநகர் மழைமானியில் 9.4 செ.மீ. பதிவாகியுள்ளது. 6.45 முதல் 11.55 செ.மீ. வரை ‘கனமழை’ என்பது அத்துறையின் வகைப்பாடு. ‘மிக கனமழை’, ‘அதி கனமழை’ என்று யாரும் தலைப்பில் ஏற்றிவிட வேண்டாம். மழைமானி ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், அளவு எந்த இடத்தில் பதிவானது என்பதையும் பிரதியில் சொல்லியிருக்கிறேன்.

அணை பற்றிய வரி முற்றாக நீக்கப்பட்டது. இது மழைநீரையும் மேலேயுள்ள சிற்றேரியின் கலங்கல் வழியாக வரும் உபரிநீரையும் நம்பிய ஏரி. எந்த அணையோடும் இதற்குக் கால்வாய்த் தொடர்பு இல்லை. மேலேரி சனிக்கிழமையே நிரம்பி வழியத் தொடங்கியதைத்தான் யாரோ ‘திறந்துவிட்டார்கள்’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

500 ஏக்கர் என்பதும் நிற்கவில்லை. ஏரியின் மொத்த ஆயக்கட்டே 230 ஏக்கர். உடைப்பு நீர் ஆயக்கட்டைத் தாண்டியும் பாயலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டவில்லை. உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டோம். முதல்நிலை மதிப்பீட்டில் சுமார் 140 ஏக்கர் நெற்பயிர் நீரில் நிற்கிறது என்றார். ‘நாசம்’ என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. நாமும் பயன்படுத்தக் கூடாது. நட்டு ஒன்றரை மாதமான பயிர், தண்ணீர் விரைவில் வடிந்தால் தேறவும் கூடும். 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமடைந்த பயிருக்கே நிவாரணம் என்பதால், வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து எடுக்கும் கணக்கு முடியும்வரை இழப்பு இவ்வளவு என்று நாம் அறிவிப்பது விவசாயிக்கும் நல்லதல்ல.

கால்நடையில் இரண்டு பசுக்கள் இறந்ததைக் கால்நடை உதவி மருத்துவரும் உரிமையாளர்களும் உறுதி செய்தனர். மூன்றாவது மாடு பக்கத்து ஊர் மேட்டில் உயிரோடு கிடைத்துவிட்டது. பெரியவர் இறந்தது உண்மை. ஆனால் அவர் சனிக்கிழமையே நோயால் வீட்டில் காலமானவர். சுடுகாட்டுப் பாதை மூழ்கியதால் அடக்கம் தாமதமானது, அதுவே ஊர்ப் பேச்சில் வெள்ளச் சாவாக மாறியிருக்கிறது. காவல் நிலையத்திலும் அப்படி வழக்கு எதுவும் இல்லை. அந்தக் குடும்பத்தின் துக்கத்தை இந்தச் செய்திக்குள் இழுக்க வேண்டிய தேவை இல்லை.

‘ஒரு அதிகாரிகூட வரவில்லை’ என்பதை அடித்துவிடத்தான் முதலில் தோன்றும். கிராம நிர்வாக அலுவலர் காலை 7 மணிக்கும் வட்டாட்சியர் 10 மணிக்கும் வந்திருக்கிறார்கள். ஆனால் மடல் வந்தது 6.15 மணிக்கு, அப்போது அது சரியான கூற்றே. மேலும், உடைப்பை அடைக்க வேண்டிய பொறியாளர் வந்து சேர்ந்தது பிற்பகல் 2.30 மணிக்குத்தான். கசிவு பற்றி ஞாயிறு இரவு 11.20 மணிக்கே அவருக்குப் பேசியதாக ஊரார் காட்டிய கைபேசி அழைப்புப் பட்டியலை நம் செய்தியாளர் நேரில் பார்த்தார். வாசகரின் குறையை நீக்காமல், நேரங்களோடு துல்லியமாக்கியிருக்கிறேன். இந்தச் செய்தியில் உயிருள்ள பகுதி இதுதான் என்பது என் கருத்து.

மராமத்துக் குற்றச்சாட்டில் இரண்டு திருத்தங்கள் தெளிவாகின. 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் உள்ளவை, ஆகவே பொறுப்பு ஊராட்சி ஒன்றியத்துடையது அல்ல. மதிப்பீட்டுத் தொகையும் 80 லட்சம் அல்ல. கரையில் நட்டிருக்கும் பணி விவரப் பலகையைச் செய்தியாளர் படம் எடுத்து அனுப்பியுள்ளார், அதில் 38 லட்சம் ரூபாய் என்றே உள்ளது. பணம் சுருட்டப்பட்டது என்பதற்கும் உறவுமுறை குறித்த பேச்சுக்கும் ஆதாரம் ஒன்றும் இல்லை. ஒப்பந்ததாரரை இருமுறை அழைத்தும் கிடைக்கவில்லை. அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது என்பது ஒருபுறம் இருக்க, பதில் சொல்ல வாய்ப்புப் பெறாத ஒருவரின் பெயரை அச்சேற்றுவது முறையல்ல. பணி போதவில்லை என்ற ஊராரின் புகாரையும் பொறியாளரின் மறுப்பையும் மட்டும் வைத்திருக்கிறேன். அளவீட்டுப் புத்தகத்தின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்பலாம். அது தனிச் செய்திக்கு உரியது.

படங்கள்: காணொளியைப் பயன்படுத்த வேண்டாம். அதில் வெள்ளம் பாயும் வயலில் கதிர் முற்றித் தலை சாய்ந்த நெல் இருக்கிறது. இந்த ஊரிலோ இப்போது கதிரே வெளிவரவில்லை. தேடியதில் அதே காட்சி முந்தைய ஆண்டிலேயே சமூக ஊடகத்தில் சுற்றியது தெரிந்தது. கேட்டபோது, ஊர்க் குழுவில் வந்ததை அனுப்பியதாக வாசகர் ஒப்புக்கொண்டார். இரண்டு நிழற்படங்கள் அவரே எடுத்தவை. வாட்ஸ்அப்பில் வந்தால் படத்தின் நேர விவரம் அழிந்துவிடும் என்பதால், மூலக் கோப்புகளை மின்னஞ்சலில் பெற்றோம். நேரமும் பின்னணியில் தெரியும் ஐயனார் கோயிலும் பொருந்துகின்றன. முதல் படம் போகலாம். இரண்டாவதில் பள்ளியில் உறங்கும் குழந்தைகளின் முகங்கள் தெரிவதால் தவிர்க்கவும்.

அச்சுக்கான பிரதி

புதுமருதம்பட்டில் ஏரிக்கரை உடைந்தது
140 ஏக்கர் நெற்பயிரை நீர் சூழ்ந்தது. கசிவைச் சொல்லியும் பொறியாளர் தாமதமாக வந்ததாக மக்கள் புகார்

திருவண்ணாமலை, நவ. 17: திருவண்ணாமலை மாவட்டம் புதுமருதம்பட்டு பெரிய ஏரியின் கரை திங்கள்கிழமை அதிகாலை உடைந்ததில் சுமார் 140 ஏக்கர் நெற்பயிரை நீர் சூழ்ந்தது, காலனித் தெருவில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இரண்டு பசுக்கள் இறந்தன.

ஏரியின் வடக்கு மதகை ஒட்டிய பகுதியில் ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணியளவில் கசிவு தெரிந்ததும், கிராம மக்கள் மணல் மூட்டைகளை அடுக்கி அடைக்க முயன்றனர். நள்ளிரவுக்குப் பின் சுமார் 12 மீட்டர் நீளத்துக்குக் கரை உடைந்தது. தகவலறிந்து வந்த தீயணைப்பு வீரர்கள், காலனித் தெருவில் வசித்தவர்களை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தங்கவைக்க உதவினர்.

வட்டத் தலைநகரில் திங்கள்கிழமை காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 9.4 செ.மீ. மழை பதிவானது. மேலேயுள்ள சிற்றேரி சனிக்கிழமையே நிரம்பியதால், அதன் உபரிநீரும் பெரிய ஏரிக்கு வந்துகொண்டிருந்தது.

கசிவு குறித்து ஞாயிறு இரவு 11.20 மணிக்கே தொலைபேசியில் தெரிவித்தும், நீர்வளத் துறைப் பொறியாளர் திங்கள்கிழமை பிற்பகல் 2.30 மணிக்குத்தான் வந்ததாகக் கிராம மக்கள் புகார் கூறினர். கடந்த ஆண்டு 38 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் நடந்த கரை பலப்படுத்தும் பணி போதுமானதாக இல்லை என்றும் அவர்கள் குற்றம் சாட்டினர்.

இது குறித்துக் கேட்டபோது, அதே இரவில் வேறு இரண்டு ஏரிகளிலும் கசிவு ஏற்பட்டதால் அங்கிருந்து வரத் தாமதமானதாகப் பொறியாளர் தெரிவித்தார். உடைந்தது பழைய மதகை ஒட்டிய பகுதி என்றும், கடந்த ஆண்டு பலப்படுத்தப்பட்ட பகுதியில் சேதம் இல்லை என்றும் அவர் கூறினார்.

நீர் வடிந்ததும் வருவாய்த் துறையும் வேளாண் துறையும் இணைந்து பயிர்ச் சேதத்தைக் கணக்கெடுக்கும் என்று வட்டாட்சியர் கூறினார். திங்கள்கிழமை மாலை நிலவரப்படி, பொக்லைன் இயந்திரம் கொண்டு உடைப்பை அடைக்கும் பணி நடந்துவருகிறது. பள்ளியில் தங்கியுள்ளவர்களுக்கு வருவாய்த் துறையினர் உணவு வழங்கிவருகின்றனர்.

(படக் குறிப்பு: புதுமருதம்பட்டு பெரிய ஏரியின் வடக்கு மதகு அருகே திங்கள்கிழமை காலை காணப்பட்ட உடைப்பு. படம்: வாசகர்)