பல் போடாத ஷின்சான்

முழுப் பரீட்சை லீவில், மூலனூர்ப் பக்கத்தில் இருக்கும் அப்புச்சி வீட்டில், மகிழனுக்கு ஆறு வயது ஆனது. காலையில் கேக் வெட்டினார்கள். மத்தியானம் டிவியைப் போட்டால் கார்ட்டூனில் ஷின்சான் யாரோ ஒரு அக்காவிடம், தனக்கு அஞ்சு வயது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

போன வருஷம் இருவருக்கும் ஒரே வயது. அது மகிழனுக்குப் பெரிய விஷயம். யூகேஜியில் பக்கத்தில் உட்காரும் பையனிடம்கூட "எனக்கும் ஷின்சானுக்கும் அஞ்சு" என்று சொல்லி வைத்திருந்தான். இப்போது இவன் மட்டும் ஆறுக்கு வந்துவிட்டான்.

"அம்மா, ஷின்சானுக்கு எப்ப ஆறு ஆகும்?"

அம்மா பாப்பாவுக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். "ஆகும் ஆகும். நீ தட்டுல வெச்சதைத் தின்னு மொதல்ல."

அம்மாவிடம் கேட்டது தப்பு. ஷின்சான் பெயரைச் சொன்னாலே அவளுக்கு ஆகாது. பின்பக்கத்தைக் காட்டி ஆடுகிறவன், அம்மாவைக் குண்டு என்று சொல்கிறவன், அவனைப் பார்த்துத்தான் நீயும் கெட்டுப்போகிறாய் என்று ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்கும் ஆரம்பித்தாள். "படிக்காமச் சுத்துனா அப்படித்தான். பெயில் போட்டு அதே கிளாஸ்ல உக்கார வெச்சிருப்பாங்க."

மகிழன் இதை யோசித்துப் பார்த்தான். ஷின்சான் இன்னும் சூரியகாந்தி வகுப்பில்தான் இருக்கிறான், அது சரி. ஆனால் கஸாமா? அவன் நன்றாகப் படிக்கிற பையன். டியூஷன் எல்லாம் போகிறான். அவனும் அதே வகுப்பில் அல்லவா இருக்கிறான்? கஸாமாவைப் பெயில் போட எந்த டீச்சருக்கு மனசு வரும்?

சாயங்காலம் கோவையிலிருந்து சித்தி வந்தாள். காலேஜ் கடைசி வருஷம். பையை வைப்பதற்குள் பிடித்துக்கொண்டான்.

"சித்தி, நீ சின்னப் புள்ளையா இருக்கப்ப ஷின்சான் பாத்தியா?"

"பாக்காம? ஸ்கூல் விட்டு வந்தா அதுதான்."

"அப்ப அவனுக்கு எத்தனை வயசு?"

"அஞ்சு."

சித்தி சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். மகிழனுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. சித்தி இப்போது ஸ்கூட்டர் ஓட்டுகிறாள்.

"அது மட்டுமில்லடா. அவன் புஸ்தகத்துல வந்தது 1990ல. டிவிக்கு வந்தது 1992ல. ஒங்கம்மாவே அப்ப கைக்குழந்தை. கணக்குப் பாத்தா ஒங்கப்பாவை விடப் பெரியவன் அவன்."

"அப்ப அவனுக்கு மீசை இருக்கோணுமே?"

"அது கார்ட்டூன்டா. வரையறவங்க எப்படி வரையறாங்களோ அப்படியே இருப்பான். வயசை ஏத்தாம வரையறாங்க, அவ்வளவுதான்."

பெரியவர்களுக்கு இந்தப் பதில் போதும். மகிழனுக்குப் போதவில்லை, ஏனென்றால் அவனிடம் ஒரு சாட்சி இருந்தது.

"அப்பறம் எப்படி ஹிமாவாரி பொறந்தா?"

சித்தி செல்போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மொதல்ல அவனுக்குத் தங்கச்சி இல்லை சித்தி. நான் பழைய எபிசோடு பாத்திருக்கேன். அவங்கம்மா வவுறு பெருசாச்சு, ஆஸ்பத்திரி போனாங்க, பாப்பா வந்துருச்சு. நம்ம பாப்பா அம்மா வவுத்துல எத்தனை மாசம் இருந்துச்சு? அத்தனை மாசம் அவங்க வீட்டுலயும் ஆகியிருக்கோணும்ல? பனி பெய்யுது, அப்பறம் கடலுக்குக் குளிக்கப் போறாங்க, மறுக்காப் பனி பெய்யுது. பனிக்குப் பனி ஒரு வருசம். ஆனா அவன் அஞ்சு, பாப்பா தவக்கறா."

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்து, மறுபடி மூடிக்கொண்டாள். சரித்திரம் அவன் பக்கம் இருந்தது; ஹிமாவாரி பிறந்தது 1996ல். அன்றிலிருந்து அவள் கைக்குழந்தைதான்.

"வரையறவரு மறந்துட்டாரா?"

"அந்தத் தாத்தா 2009ல செத்துட்டாருடா. மலையேறப் போன எடத்துல விழுந்துட்டார். இப்ப அவரோட வேலை செஞ்சவங்க வரையறாங்க." சொன்ன பிறகுதான் பிறந்த நாளும் அதுவுமாக இதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று பட்டது போலிருக்கிறது, அவசரமாக வேறு பேச்சுக்குத் தாவினாள். "ஒண்ணு தெரியுமா? ஜப்பான்ல ஷின்சானுக்குப் பேசுனது ஒரு அக்கா. 26 வருசம் அவங்களேதான். 2018ல நிறுத்திட்டாங்க. இப்ப வேற அக்கா பேசறாங்க."

"பொம்பளையா?" மகிழன் வாயைப் பிளந்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான். "அவங்களுக்கு வயசாச்சா?"

"ஆகாம? எல்லாருக்கும் ஆகும்."

"எல்லாருக்கும் ஆகுது, அவனுக்கு மட்டும் ஆகலை" என்று சொல்லிக்கொண்டே மகிழன் பட்டிக்குப் போனான்.

அங்கே அப்புச்சி, கன்னிவாடிச் சந்தைக்கு ஓட்டிப்போக ஆடு பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கிடாயைத் தொடையிடுக்கில் பிடித்து, கட்டை விரலால் கீழுதட்டை இறக்கிக் காட்டினார். மேலே முன்பல்லே இல்லை, வெறும் ஈறு. கீழே எட்டுப் பல். நடுவில் இரண்டு மட்டும் அகலமாக, பளிச்சென்று இருந்தன. மற்றதெல்லாம் அரிசி மாதிரி.

"இது ரெண்டு பல்லு. பால் பல்லு ரெண்டு விழுந்து இது மொளைச்சிருக்குது. வருசம் ஒண்ணு தாண்டியாச்சுன்னு அர்த்தம். நாலு பல்லுன்னா ரெண்டு வருசம். விக்கறவன் வாயில பொய் சொல்லுவான், ஆடு வாயில பொய் இருக்காது."

"ஏனுங்கப்புச்சி, பல்லு விழவே இல்லைன்னா?"

"அது குட்டி. பல்லுப் போடாத குட்டி."

மகிழன் அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தான். டிவியில் ஷின்சான் நாய்க்குச் சோறு வைக்காமல் எங்கோ ஓடிக்கொண்டிருந்தான். அப்புச்சி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சந்தையில் நிற்கிற அதே தோரணையில் குனிந்து பார்த்தார்.

"வாயை மூட மாட்டேங்கறானே, ஆனா ஒரு பல்லும் தெரியலையே சாமி" என்றார். "இவனை நான் குட்டின்னுதான் எடுப்பேன். எத்தனை வருசம் ஆயிருந்தாலும் சரி."

"முப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்."

"அதுக்கென்ன. பல்லு விழுந்தாத்தானே வயசு."

மகிழன் தன் கீழ்வரிசையில் நடுப்பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்தான். ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அம்மா நூல் கட்டி இழுத்துவிடுவாள் என்ற பயம்.

விழுந்துவிட்டால் ஷின்சானும் அவனும் இனி ஒரு ஜோடி இல்லை. இரண்டு நாள் பல்லைத் தொடாமல் பார்த்துக்கொண்டான். இட்லியைக்கூட ஓரமாகவே மென்றான். மூன்றாம் நாள், மாங்காய்க் கீற்றைக் கடித்தபோது பல் அதோடு வந்துவிட்டது. வலிக்கவே இல்லை. அப்புச்சி அதைச் சாண உருண்டைக்குள் வைத்துக் கொடுக்க, மகிழன் ஓட்டுக்கூரை மேல் எறிந்தான். கண்ணாடியில் ஓட்டையைப் பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் டிவி முன்னால் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஷின்சான் என்னவோ அட்டகாசம் செய்தான்.

"டேய் தம்பி, அடங்குடா" என்றான் மகிழன்.

சித்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னடா, இத்தனை நாளா பிரெண்டு, இப்ப தம்பியா?"

"நான் பெரியவன் ஆயிட்டேன்ல. பாப்பாவுக்கு அஞ்சு ஆகறப்ப அவளுக்குப் பிரெண்டா இருந்துக்கட்டும். அவன் எங்கயும் போக மாட்டான், அஞ்சுலயே இருப்பான்."

"அட, தங்கச்சி மேல இத்தனை பாசமா! அப்ப ஒன்ற சைக்கிளையும் அவளுக்குக் குடுத்துரலாமா? சின்னதாயிருச்சுன்னு போன தடவையே அழுதியே."

மகிழன் பாப்பாவை மடியிலிருந்து இறக்கி விட்டான்.

"சைக்கிள் எல்லாம் தர மாட்டேன். ஷின்சான் மட்டும்."