ஜூன் மாத சேவை முடக்கம்: ஒப்பந்தப்படி 25 சதவீத சேவை கிரெடிட் கோருதல்

அனுப்புநர்:
மேலாளர், தகவல் தொழில்நுட்பப் பிரிவு
(சந்தா ஒப்பந்த எண் 4471-2024)

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் கணக்குப் பிரிவு

நாள்: 09.07.2025

பொருள்: ஆர்டர் மேலாண்மை மென்பொருள் சேவை – ஜூன் 2025இல் உறுதியளிக்கப்பட்ட இயங்குநேரம் குறைந்தது – ஒப்பந்தப் பிரிவு 4.5இன்படி சேவை கிரெடிட் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சேவைத்தர ஒப்பந்தம், பிரிவுகள் 4.1 முதல் 4.7 வரை. 2. உதவிக் கோரிக்கை எண் 88213க்குத் தங்கள் பிரிவு 01.07.2025 அன்று அளித்த பதில்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பார்வை 2இல் காணும் பதிலில், ஜூன் மாதத்தில் சேவை 134 நிமிடங்கள் மட்டுமே முடங்கியதாகவும், மாத இயங்குநேரம் 99.69 சதவீதம் என்பதால் 10 சதவீத கிரெடிட் வழங்கப்படும் என்றும் தெரிவித்திருந்தீர்கள். கிரெடிட் வழங்க முன்வந்தமைக்கு நன்றி. ஆனால் அந்தக் கணக்கில் 17ஆம் தேதியின் முதல் 53 நிமிடங்களும் 26ஆம் தேதியின் 64 நிமிடங்களும் விடுபட்டுள்ளன. அவற்றையும் சேர்த்தால் முடக்கம் 251 நிமிடங்களாகிறது. ஒப்பந்தப்படி எங்களுக்கு உரிய கிரெடிட் 25 சதவீதம். அதற்கான காரணங்களையும் சான்றுகளையும் கீழே தருகிறேன். நேரங்கள் அனைத்தும் ஒப்பந்தத்தில் உள்ளவாறு UTC கணக்கில் குறிக்கப்பட்டுள்ளன.

முதலில் 17.06.2025 அன்று நடந்தது. தங்கள் நிலை அறிவிப்புப் பக்கம் அன்றைய கோளாறு 10:05க்குத் தொடங்கி 12:19க்கு முடிந்ததாகக் காட்டுகிறது. எங்கள் பதிவுகளின்படி அது 09:12க்கே தொடங்கிவிட்டது. பிரிவு 4.2இன்படி, ஒரு நிமிடத்தில் அனுப்பப்படும் கோரிக்கைகளில் 5 சதவீதத்துக்கு மேற்பட்டவை 5xx பிழையைப் பெற்றாலோ 30 வினாடிக்குள் பதில் பெறாமல் போனாலோ, அந்த நிமிடம் முழுவதும் முடக்கமாகக் கொள்ளப்பட வேண்டும். 09:12 முதல் 10:05 வரை நாங்கள் அனுப்பிய 4,118 கோரிக்கைகளில் 3,692 தோல்வியடைந்தன. அந்த 53 நிமிடங்களில் மிகக் குறைவாகப் பாதிக்கப்பட்ட நிமிடத்தில்கூடத் தோல்வி விகிதம் 71 சதவீதமாக இருந்தது. இணைப்பில் உள்ள பதிவிலிருந்து மூன்று வரிகள்:

```
2025-06-17T09:12:04Z POST /v1/orders 503 31ms
2025-06-17T09:41:37Z GET  /v1/orders 504 30002ms
2025-06-17T09:58:20Z GET  /health    200 12ms
```

நிலை அறிவிப்புப் பக்கம் ஏன் 10:05 வரை பச்சையாகவே இருந்தது என்பதை மூன்றாவது வரி விளக்குகிறது. தாங்கள் அனுப்பிய மூலக்காரண அறிக்கையின்படி, 09:10க்கு நிறைவேற்றப்பட்ட அமைப்பு மாற்றம் ஒன்று தரவுத்தள இணைப்புகளின் உச்சவரம்பைத் தவறுதலாகக் குறைத்துவிட்டது. அதனால் ஆர்டர் கோரிக்கைகளுக்குத் தரவுத்தள இணைப்பு கிடைக்கவில்லை. ஆனால் /health முகவரி தரவுத்தளத்தைத் தொடுவதே இல்லை. கடையின் கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு வியாபாரம் நடக்கிறது என்று எழுதி வைப்பதைப் போன்ற சோதனை இது. நிலைப் பக்கம் அந்தச் சோதனையை நம்பியிருந்ததால்தான் கோளாறு தாமதமாகப் பதிவாயிற்று. ஒப்பந்தத்தில் முடக்கத்தின் அளவுகோலாகக் குறிக்கப்பட்டிருப்பது கோரிக்கைகள் அடைந்த விளைவே தவிர, நிலைப் பக்கத்தின் நிறமன்று. மேலும், மாற்றம் நிறைவேறிய நேரம் என்று தங்கள் அறிக்கையே குறிப்பிடும் 09:10க்கும் எங்களுக்கு முதல் பிழை வந்த 09:12க்கும் இடையே இரண்டே நிமிட இடைவெளிதான் இருக்கிறது. எனவே அன்றைய முடக்கத்தை 187 நிமிடங்கள் எனத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

அடுத்து 26.06.2025. அன்று 20:30 முதல் 21:34 வரை 64 நிமிடங்கள் சேவை முற்றிலும் நிறுத்தப்பட்டது. இது குறித்துத் தங்களுக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இதைத் திட்டமிட்ட பராமரிப்பு என்று கூறிக் கணக்கிலிருந்து விலக்கியுள்ளீர்கள். பிரிவு 4.4இன்படி அந்த விலக்கு, குறைந்தது 5 நாள்களுக்கு முன் மின்னஞ்சலில் அறிவிக்கப்பட்ட பராமரிப்புக்கு மட்டுமே உரியது. எங்களுக்கு வந்த அறிவிப்பு அன்றே 19:50க்கு, அதாவது நாற்பது நிமிடங்களுக்கு முன்பு, ‘அவசரப் பராமரிப்பு’ என்ற தலைப்பில் வந்தது. 17ஆம் தேதி நேர்ந்த கோளாறு மீண்டும் நிகழாமல் தடுக்கவே அந்தப் பணி தேவைப்பட்டது என்பதை ஏற்கிறோம். அதைச் செய்ததில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் தேவையான பணி என்பதாலேயே அது முன்கூட்டி அறிவிக்கப்பட்ட பணியாகிவிடாது. அந்த நேரத்தில் எங்களுக்கு ஆர்டர்கள் குறைவாக வரும் என்பதும் உண்மைதான். ஆயினும் ஒப்பந்தம் கணக்கிடுவது நிமிடங்களை, ஆர்டர்களை அன்று.

ஜூன் 9 அன்று சேவை சில நிமிடங்கள் மெதுவாக இயங்கியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. தோல்வி விகிதம் 5 சதவீதத்தைத் தாண்டாததால் அது பிரிவு 4.2இன் வரையறைக்குள் வராது.

இனி கணக்கு. ஜூன் மாதத்தின் 30 நாள்களில் 43,200 நிமிடங்கள் உள்ளன. பிரிவு 4.1இல் உறுதியளிக்கப்பட்ட 99.9 சதவீதத்தின்படி அதிகபட்சம் 43.2 நிமிட முடக்கமே அனுமதிக்கத்தக்கது.

```
187 + 64 = 251
(43200 - 251) / 43200 * 100 = 99.42
```

பிரிவு 4.5இன் அட்டவணைப்படி, இயங்குநேரம் 99.9க்குக் கீழும் 99.5க்குக் குறையாமலும் இருந்தால் 10 சதவீதமும், 99.5க்குக் கீழும் 99.0க்குக் குறையாமலும் இருந்தால் 25 சதவீதமும் கிரெடிட் வழங்கப்பட வேண்டும். 99.5 என்ற எல்லை 216 நிமிடங்களுக்கு ஈடாகும். மேற்சொன்ன இரு திருத்தங்களில் ஒன்றை மட்டும் ஏற்றால் நாங்கள் 10 சதவீத வரம்பிலேயே நின்றுவிடுவோம் என்பதை அறிவேன். ஆகவே இரண்டையும் தனித்தனியே பரிசீலித்து, ஏற்காத பட்சத்தில் ஒவ்வொன்றுக்கும் எந்தப் பிரிவின் அடிப்படையில் மறுக்கப்படுகிறது என்பதைக் குறிப்பிட வேண்டுகிறேன்.

17ஆம் தேதி எங்கள் கிடங்குப் பணியாளர்கள் ஆர்டர்களைத் தாளில் எழுதி, சேவை திரும்பிய பின் ஒவ்வொன்றாகப் பதிவேற்ற நேர்ந்தது. அதில் சில ஆர்டர்கள் இருமுறை பதிவாகி, அவற்றைக் கண்டுபிடித்து நீக்கவும் நேரம் செலவாயிற்று. அந்த இழப்புக்கு ஈடு எதையும் இக்கடிதத்தில் கேட்கவில்லை. இத்தகைய முடக்கத்துக்கு கிரெடிட் ஒன்றே தீர்வு என்று பிரிவு 4.7 வரையறுத்திருப்பதை ஏற்றே கையொப்பமிட்டோம். ஆனால் அந்த ஒரே தீர்வாவது குறையின்றிக் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையானது என்றே கருதுகிறேன்.

கிரெடிட்டை வரவு வைக்கும் முறை பற்றியும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. நாங்கள் ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே செலுத்தியிருப்பதால், ஒப்பந்த வரையறைப்படி மாதக் கட்டணம் என்பது அதன் பன்னிரண்டில் ஒரு பங்கு. கோரும் கிரெடிட் அதன் 25 சதவீதம். பிரிவு 4.6 அடுத்த விலைப்பட்டியலில் கழிக்க வேண்டும் என்கிறது. ஆண்டுப் புதுப்பிப்பு வரை காத்திராமல், கூடுதல் பயனர்களுக்காக மாதந்தோறும் அனுப்பும் விலைப்பட்டியலில், ஆகஸ்ட் மாதப் பட்டியலிலிருந்து தொடங்கி, தொகை முடியும் வரை கழித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

மாதம் முடிந்த 30 நாள்களுக்குள் கோரிக்கை அளிக்க வேண்டும் என்ற பிரிவு 4.6இன் விதிக்கு உட்பட்டே இக்கடிதம் அனுப்பப்படுகிறது. அப்பிரிவில் குறித்துள்ளபடி 15 வேலை நாள்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதிவுகளைத் தங்கள் பொறியாளர்களுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமெனில், எங்கள் கண்காணிப்புப் பொறியாளர் அழைப்பில் கலந்துகொள்வார்.

தங்கள் உண்மையுள்ள,
மேலாளர், தகவல் தொழில்நுட்பப் பிரிவு

இணைப்புகள்: 17.06.2025, 26.06.2025 ஆகிய நாள்களின் கோரிக்கைப் பதிவுகள், நிமிடவாரியான தோல்வி விகித அட்டவணை, 26.06.2025 அன்று 19:50க்கு வந்த மின்னஞ்சலின் நகல். தங்கள் மூலக்காரண அறிக்கையின் நகல்.