உறைநிலைத் தாழ்வில் விடை பாதியாகவும் இரட்டிப்பாகவும் வருவது ஏன்?

கேள்வி: சார், பிளஸ் ஒன் கரைசல்கள் பாடத்தில் ரெண்டு கணக்கு இடிக்குது.

1) 200 கிராம் நீரில் 5.85 கிராம் சோடியம் குளோரைடு. Kf = 1.86. உறைநிலை என்ன? எனக்கு −0.93 °C வருது, விடைத்தாளில் −1.86 °C.

2) 50 கிராம் பென்சீனில் 2.44 கிராம் பென்சாயிக் அமிலம். Kf = 5.12, உறைநிலைத் தாழ்வு 1.10 °C. மோலார் நிறை 217 வந்துச்சு. பென்சாயிக் அமிலம் 122 தானே சார்?

பதில்: தம்பி, முதல் கணக்கில் உன் மோலாலிட்டி சரி.

```
n = 5.85 / 58.5 = 0.1
m = 0.1 / 0.200 = 0.5
```

விட்டது ஒன்றே ஒன்றுதான். உப்பு நீரில் விழுந்ததும் Na⁺ ஒன்று, Cl⁻ ஒன்று எனப் பிரிகிறது. உறைநிலைக்குக் கரைபொருள் எது என்று கவலையில்லை, எத்தனை துகள் என்பதுதான் கணக்கு. தொகைசார் பண்பு என்ற பெயரே அதனால் வந்தது. ஆகவே வாண்ட் ஹாஃப் காரணி i = 2.

```
ΔTf = i × Kf × m = 2 × 1.86 × 0.5 = 1.86
```

ஆய்வகத்தில் அளந்தால் 1.86-க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அயனிகள் ஒன்றையொன்று இழுப்பதால் i முழுசாக 2 ஆகாது. பரீட்சையில் 'முழுமையாகப் பிரிகையுறுகிறது' என்று இருந்தால் 2 போடு. குல்ஃபிக்காரர் பானையைச் சுற்றி ஐஸோடு கல் உப்பைக் கொட்டுவதும் இந்தத் தாழ்வுக்காகத்தான். வெறும் ஐஸ் உருகும்போது 0 °C-லேயே நிற்கும், அதில் குல்ஃபி உறையாது.

இரண்டாவதில் நீ வேறொரு இடத்தில் சறுக்கியிருக்கிறாய். வகுத்தது 52.44 கிராமால், அதாவது கரைசலின் எடையால். மோலாலிட்டிக்குக் கரைப்பானின் எடை மட்டும்தான், 50 கிராம். வருஷாவருஷம் பாதி வகுப்பு இதே பள்ளத்தில் விழுகிறது.

```
M = (5.12 × 2.44) / (1.10 × 0.050) = 227
```

திருத்தியும் 122 வரவில்லை, பார்த்தாயா? இப்போது கணக்கில் தப்பில்லை. பென்சீனில் பென்சாயிக் அமில மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொள்கின்றன. துகள் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிறது, தாழ்வும் குறைகிறது, மோலார் நிறை 244-ஐ நோக்கி ஏறுகிறது. எல்லாம் இணைந்துவிடவில்லை, அதனால்தான் 227.

```
i = 122 / 227 = 0.537
i = 1 − α/2  →  α = 0.93
```

100-க்கு 93 மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்திருக்கின்றன. அடுத்த வரியில் இணைதல் வீதம் கேட்டால் இதுதான் விடை.

மோலாரிட்டியை ஏன் இங்கே போடுவதில்லை என்று போன வாரம் கேட்டாயே. சூடானால் கரைசலின் கனஅளவு விரியும், எடை மாறாது. வெப்பநிலை மாறுகிற கணக்கில் மோலாலிட்டிதான் நம்பகமான அளவு.

இதைப் போட்டுப் பார்: எடையில் 10% குளுக்கோஸ் கரைசல், அடர்த்தி 1.04 கி/மிலி. மோலாலிட்டி 0.617, மோலாரிட்டி 0.578 வர வேண்டும். மோலாலிட்டி 0.556 வந்தால் மறுபடி 100-ஆல் வகுத்திருக்கிறாய், 90-ஆல் வகு.