ஊர்ப் பொங்கல் கைப்பந்துப் போட்டி 2026: விதித் தொகுப்பு

நாள்: ஜனவரி 17, 18 (காணும் பொங்கலும் மறுநாள் ஞாயிறும்)
இடம்: ஏரிக்கரை மைதானம், பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்
அணிகள்: ஆண்கள் 12, பெண்கள் 4
நுழைவுக் கட்டணம்: ஆண்கள் அணிக்கு ரூ.1,000, பெண்கள் அணிக்குக் கட்டணம் இல்லை

இந்தத் தொகுப்பை ஒவ்வோர் அணித் தலைவரும் கையொப்பமிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய பிறகு "எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்ற பேச்சு எடுபடாது. இதில் சொல்லாத எல்லாவற்றுக்கும் சர்வதேசக் கைப்பந்துக் கூட்டமைப்பின் விதிகளே பொருந்தும். இரண்டுக்கும் முரண் வந்தால் இதில் எழுதியிருப்பதே செல்லும்.

அ. யார் ஆடலாம்

1. ஓர் அணியில் அதிகபட்சம் 12 பேர். ஆட்டம் தொடங்கும்போது களத்தில் ஆறு பேர் இருந்தே ஆக வேண்டும். ஐந்து பேரோடு தொடங்கி, ஆறாமவர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார் என்பது ஏற்கப்படாது.

2. ஊர்க்காரர் என்பவர் யார் என்பதில்தான் ஒவ்வோர் ஆண்டும் சண்டை வருகிறது. ஆகவே விரிவாகச் சொல்லிவிடுகிறோம். அணி எந்த ஊருக்காக ஆடுகிறதோ அந்த ஊராட்சி எல்லைக்குள் உள்ள முகவரியில் வழங்கப்பட்ட குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர் ஊர்க்காரர். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்த்து, ஆதாரில் முகவரியை அங்கே மாற்றிக்கொண்டவரும், பெற்றோர் ஊரில் வசித்தால் ஊர்க்காரரே. பெற்றோரின் குடும்ப அட்டையைக் காட்டினால் போதும். பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும் பேரன், படிக்கும் பள்ளி அல்லது கல்லூரியின் அடையாள அட்டையையும் பாட்டியின் குடும்ப அட்டையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மாமனார் வீட்டிலேயே குடியிருக்கும் மாப்பிள்ளை ஊர்க்காரர். பொங்கல் சீர் வாங்க வந்த மாப்பிள்ளை எவ்வளவு உயரம் எம்பி அடித்தாலும் வெளி ஆட்டக்காரர்தான்.

3. ஆதார் அட்டை ஆளை அடையாளம் காண மட்டுமே. ஊரை நிரூபிக்க அது தனியாகப் போதாது. போட்டி அறிவித்த பிறகு முகவரி மாற்றிய அட்டைகள் வரத் தொடங்கியதால்தான் இந்த விதி.

4. பட்டியலில் வெளி ஆட்டக்காரர் இரண்டு பேர் வரை இருக்கலாம். களத்தில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே. லிபெரோவாக இறங்கினாலும் கணக்கில் சேரும். அவர்கள் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். காவல் துறை, ரயில்வே, வங்கி போன்ற துறை அணிகளிலும் மாநில அணியிலும் ஆடுபவர்கள் வெளி ஆட்டக்காரராக வர முடியாது. ஆனால் அப்படிப்பட்டவர் அந்த ஊர்ப் பிள்ளையாகவே இருந்தால் தாராளமாக ஆடலாம். நன்றாக ஆடுகிறார் என்பதற்காகச் சொந்த ஊரிலேயே ஒருவரைத் தடுப்பது நியாயமில்லை.

5. ஒருவர் ஓர் அணிக்கு மட்டுமே ஆடலாம். இரண்டு பட்டியலில் பெயர் இருந்தால், முதலில் கையொப்பமிட்ட படிவமே செல்லும்.

6. வயது 15 நிரம்பியிருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் கையொப்பம் கட்டாயம்.

7. பெண்கள் ஆட்டத்தில், திருமணமானவர் பிறந்த ஊருக்கோ புகுந்த ஊருக்கோ ஆடலாம். எந்த ஊர் என்பதை அவரே முடிவு செய்து படிவத்தில் எழுத வேண்டும். வீட்டார் சொல்வதை நாங்கள் கேட்கப் போவதில்லை. நான்கு அணிகளும் ஒன்றோடொன்று மோதும். சமநிலை வந்தால் விதி 16-இன் வரிசையே.

8. ஓர் ஊரிலிருந்து இரண்டு அணிகள் வரலாம். எந்தத் தெரு, எந்தக் காலனி என்று கேட்டு யாருடைய படிவத்தையும் திருப்பி அனுப்ப மாட்டோம். ஜெர்சியில் சாதிப் பெயர், கட்சிச் சின்னம், நடிகர் படம் இருக்கக் கூடாது. எண் மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

9. ஜனவரி 16 மாலை 7 மணிக்கு அணித் தலைவர்கள் கூட்டம். எல்லா அணிகளின் பட்டியலும் அங்கே உரக்க வாசிக்கப்படும். எவர் தகுதி மீது ஐயம் இருந்தாலும் அங்கேயே சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. வாசித்து முடித்த பிறகு பட்டியலில் மாற்றம் கிடையாது. குழுக்களைப் பிரிக்கும் சீட்டுக் குலுக்கலும் அந்தக் கூட்டத்திலேயே.

ஆ. களமும் ஆட்டமும்

10. களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நெட்டின் உயரம் நடுவில் அளந்து ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் நடுவர் அளவுகோலை வைத்துக் காட்டுவார். சுண்ணாம்புக் கோடு மூன்றாவது ஆட்டத்துக்குள் காலில் அழிந்துபோகிறது என்பதால் இவ்வாண்டு 5 செ.மீ. நாடாவை ஆணியடித்து இழுத்துக் கட்டுகிறோம். பந்து நாடாவைத் தொட்டால் உள்ளே.

11. இரண்டாம் களத்தின் தென்மேற்கு மூலையில் புளியமரக் கிளை உள்ளே நீண்டிருக்கிறது. வெட்ட மரத்துக்காரர் சம்மதிக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. பந்து கிளையிலோ இலையிலோ பட்டால் அவுட், கடைசியாகத் தொட்ட அணிக்கு நஷ்டம். எதிரணி அடித்த பந்து கிளையில் பட்டு உங்கள் பக்கம் விழும்போது எடுத்து ஆட முயல வேண்டாம்; அது ஏற்கெனவே செத்த பந்து. அரையிறுதியும் இறுதியும் முதல் களத்தில்.

12. ஆட்டம் காலை 8 மணிக்குத் தொடங்கும். அதற்கு முன் பனியில் பந்து நனைந்து கனமாகிவிடுகிறது. பந்தைக் குழுவே தரும்.

13. மூன்று செட்டில் இரண்டு வென்றால் வெற்றி. முதல் இரண்டும் 25 புள்ளி, மூன்றாவது 15; எல்லாவற்றிலும் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும், உச்ச வரம்பு இல்லை. மூன்றாவது செட்டில் ஓர் அணி 8 புள்ளி எடுத்ததும் பக்கம் மாற வேண்டும். ஆண்கள் இறுதி ஆட்டம் மட்டும் ஐந்து செட். அதில் ஐந்தாவதுதான் 15 புள்ளி. செட்டுக்கு இரண்டு டைம் அவுட், ஒவ்வொன்றும் 30 நொடி. வெறுங்காலோடு ஆடலாம்; மது அருந்திவிட்டு ஆட முடியாது.

14. அழைத்த 15 நிமிடத்துக்குள் களத்துக்கு வராத அணி 0-25, 0-25 என்று தோற்றதாக எழுதப்படும். மின்சாரம் போனால் விட்ட புள்ளியிலிருந்து, அதே சுழற்சியில் ஆட்டம் தொடரும்.

இ. தரவரிசையும் சமநிலையும்

15. ஆண்கள் அணிகள் மூன்று மூன்றாக நான்கு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடங்கள் காலிறுதிக்குப் போகும். முதல் குழுவின் முதலிடம் இரண்டாம் குழுவின் இரண்டாமிடத்தோடும், இரண்டாம் குழுவின் முதலிடம் முதல் குழுவின் இரண்டாமிடத்தோடும் மோதும். மூன்று, நான்காம் குழுக்களுக்கும் இப்படியே. 2-0 என்று வென்றால் 3 லீக் புள்ளி, தோற்றவருக்கு ஒன்றுமில்லை. 2-1 என்று வென்றால் 2, தோற்றவருக்கு 1.

16. தரம் பார்க்கும் வரிசை: முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, பிறகு லீக் புள்ளி, பிறகு செட் விகிதம், அதாவது வென்ற செட்டுகளைத் தோற்ற செட்டுகளால் வகுத்து வருவது, பிறகு எடுத்த புள்ளிகளை விட்ட புள்ளிகளால் வகுத்து வரும் புள்ளி விகிதம், மூன்று தசம இடம் வரை. அதிலும் சமமாக நின்றால் சீட்டுக் குலுக்கல்.

"நேருக்கு நேர் யார் வென்றார்களோ அவர்களை அனுப்புங்கள்" என்று பலரும் கேட்கிறார்கள். மூன்று அணிக் குழுவில் அது உதவாது. அங்கே வெற்றிகள் 2, 1, 0 என்று அமையலாம். அப்போது சிக்கலே இல்லை. இல்லையென்றால் மூவருக்கும் ஆளுக்கொன்று. அப்போது ஒவ்வொருவரும் ஒருவரை வென்று இன்னொருவரிடம் தோற்றிருப்பார்கள். நேருக்கு நேர் பார்த்தால் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எடுத்துக்காட்டு ஒன்று. க, ச, த மூன்று அணிகள்.
க, சவை வென்றது: 25-21, 22-25, 15-11.
ச, தவை வென்றது: 25-23, 19-25, 15-12.
த, கவை வென்றது: 25-20, 23-25, 15-13.

மூவருக்கும் ஒரு வெற்றி, 3 லீக் புள்ளி, செட் 3-க்கு 3. ஆகவே புள்ளி விகிதம் பார்க்கிறோம். த எடுத்தது 123, விட்டது 117; விகிதம் 1.051. க எடுத்தது 120, விட்டதும் 120, விகிதம் 1.000. ச எடுத்தது 116, விட்டது 122, விகிதம் 0.951. த முதலிடம், க இரண்டாமிடம், ச வெளியே. ச அணி தவை வென்ற ஆட்டத்திலேயே 59-க்கு 60 என்று ஒரு புள்ளி குறைவாக எடுத்திருப்பதைக் கவனியுங்கள். 19-25 என்று கைவிட்ட செட் எங்கே வந்து அடிக்கிறது பாருங்கள். செட் போய்விட்டது என்று தெரிந்த பிறகு சர்வீஸை நெட்டில் அடித்து நேரம் போக்கும் அணிகளுக்காகவே இதை எழுதினோம்.

17. மூவரும் சமமாக நிற்கும்போது, அவர்களில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு வராமல் தோற்றிருந்தால் விதி 16-இன் விகிதங்கள் பார்க்கப்படாது. வராத அணி மூன்றாமிடம். மற்ற இரண்டில் நேருக்கு நேர் வென்றது முதலிடம். ஆடாமல் கிடைத்த 25-0 யாரையும் தூக்கிவிடக் கூடாது.

18. ஓர் அணி லீக் முடியும் முன் போட்டியிலிருந்தே விலகினால், அதன் எல்லா ஆட்டங்களும் கணக்கிலிருந்து நீக்கப்படும். நுழைவுக் கட்டணம் திரும்பாது.

ஈ. முறையீடும் ஒழுங்கும்

19. நடுவரிடம் பேசும் உரிமை களத்தில் உள்ள அணித் தலைவருக்கு மட்டுமே. பயிற்சியாளருக்கோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைத் தாண்டி வரும் பெரியவர்களுக்கோ இல்லை. அவர்கள் எந்த அணிக்காக வந்தார்களோ அந்த அணிக்கு முதலில் எச்சரிக்கை, இரண்டாம் முறை எதிரணிக்கு ஒரு புள்ளி.

20. பந்து உள்ளேயா வெளியேயா, பிளாக்கில் விரல் பட்டதா, நெட்டைத் தொட்டாரா என்பவற்றில் நடுவர் முடிவே இறுதி, முறையீடு கிடையாது. செல்போன் வீடியோ பார்க்க மாட்டோம். கோட்டுக்கு நேர் எதிரே நிற்காத கேமரா, உள்ளே விழுந்ததை வெளியே என்றும் காட்டும். அடிதடி நடந்தால் யார் கை ஓங்கினார் என்று அறிய மட்டும் வீடியோ ஏற்கப்படும்.

21. முறையிடக்கூடியவை: விதியைத் தவறாகப் பயன்படுத்தியது, சுழற்சிப் பிழை, புள்ளி எழுதியதில் தவறு, ஆட்டக்காரரின் தகுதி. முதல் மூன்றையும் அடுத்த சர்வீஸுக்கு முன்பே தலைவர் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் எழுத்தில், ரூ.500 வைப்புத் தொகையோடு தர வேண்டும். முறையீடு சரியென்றால் பணம் திரும்பும். பலகையிலும் தாளிலும் புள்ளி வேறுபட்டால் தாளே செல்லும். இரு தலைவர்களும் தாளில் கையொப்பமிட்ட பிறகு புள்ளி பற்றிய பேச்சு முடிந்தது.

22. முறையீட்டுக் குழுவில் மூவர். கூடுதலாக ஒருவர் காத்திருப்பார். மோதும் ஊர்களில் யாருக்காவது வீடோ சம்பந்தமோ இருந்தால் அவர் எழுந்துகொள்ள வேண்டும், காத்திருப்பவர் அமர்வார். சம்பந்தம் என்பதில் பெண் கொடுத்ததும் எடுத்ததும் அடங்கும். 30 நிமிடத்துக்குள் முடிவு, காரணத்தோடு எழுத்தில். மற்றக் களத்தின் ஆட்டம் அதற்காக நிற்காது.

23. தகுதியில்லாதவரை ஆடவிட்டது தெரிந்தால், அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் எல்லாம் வராமல் தோற்றவையாகக் கருதப்படும். நாக் அவுட் சுற்றில் தெரிந்தால், கடைசியாகத் தோற்ற எதிரணி முன்னேறும். அதற்கு முந்தைய சுற்றுகள் திறக்கப்படாது. பரிசு வழங்கிய பிறகு எந்தத் தகுதிப் புகாரும் ஏற்கப்படாது.

24. மஞ்சள் அட்டை எச்சரிக்கை, சிவப்பு அட்டை எதிரணிக்குப் புள்ளியும் சர்வீஸும். இரண்டையும் ஒரே கையில் காட்டினால் அந்தச் செட் முடியும் வரை வெளியே. இரு கையில் தனித்தனியாகக் காட்டினால் ஆட்டம் முழுதும் வெளியே. நடுவர் மீது கை வைத்தவர் இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஆட முடியாது. களத்தைவிட்டு வெளிநடப்புச் செய்த அணிக்கு 5 நிமிடம். அதற்குள் திரும்பாவிட்டால் எதிரணிக்கு வெற்றி.

உ. பரிசும் பதிவும்

25. ஆண்கள்: முதல் பரிசு ரூ.20,000, இரண்டாம் பரிசு ரூ.12,000, அரையிறுதியில் தோற்ற இரு அணிகளுக்கும் தலா ரூ.5,000. பெண்கள்: ரூ.10,000, ரூ.6,000. முறையீடு நிலுவையில் இருந்தால் பணம் முடிவு வரும் வரை விழாக் குழுவிடமே இருக்கும், கோப்பையும் அப்படியே.

26. படிவமும் கட்டணமும் ஜனவரி 10 மாலை 6 மணிக்குள் ஊராட்சி நூலகத்தில் தர வேண்டும். பன்னிரண்டு அணிகள் சேர்ந்ததும் பதிவு மூடப்படும்; பதின்மூன்றாவதாக வரும் அணி, யாராவது விலகினால் குலுக்கலுக்கு முன்புவரை சேர்க்கப்படும்.

போட்டி விதிக் குழு