எழிலி – சாகரன்: திருமண வரவேற்பில் அத்தையின் வாழ்த்துரை

எல்லோருக்கும் வணக்கம். நான் எழிலியின் அத்தை, அவள் அப்பாவுக்கு அக்கா. பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். மைக்கைக் கொடுத்தால் ஒரு பீரியட் முழுக்கப் பேசிவிடுவேன் என்று தம்பிக்குப் பயம். பத்து நிமிடம்தான் என்று கறாராகச் சொல்லித்தான் மேடை ஏற்றியிருக்கிறான். சரி, நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப் போகிறேன். பத்திரிகையில் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கிற இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் படித்தால் என்ன வருகிறது?

முதலில் எங்கள் பெண். எழிலி என்றால் அழகானவள் என்று இங்கே முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எழில் என்றால் அழகு, அப்படியானால் எழிலி அழகி, நியாயமாகத்தான் தெரிகிறது. அவளே ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியிருந்தாள். கண்ணாடி முன்னால் அத்தனை நேரம் நிற்பதற்கு அதையே காரணமாகவும் சொல்வாள். ஆனால் எழிலி என்பது மேகத்துக்குப் பழந்தமிழில் உள்ள பெயர். முகில், கொண்டல், மஞ்சு என்று மேகத்துக்கு நம்மிடம் இருக்கும் பெயர் வரிசையில் அதுவும் ஒன்று. இந்தப் பெயரை ‘எலிலி’ என்று வாசித்த ஆசிரியர்கள் உண்டு. எழுத்துப்பிழை என்று நினைத்து எழிலரசி என்று திருத்திக் கொடுத்த அலுவலகம் உண்டு. சுருக்கி ‘எலி’ ஆக்கிய கல்லூரித் தோழிகள் இதோ இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெயரை வைத்தவர் எங்கள் அப்பா. பேத்தி பிறந்ததும் ஆளாளுக்குப் பெயர்ப் பட்டியல் போட்டோம். சண்டை கூட வந்தது. அப்பா மட்டும் எதுவும் பேசாமல் திருக்குறளை எடுத்து, வான் சிறப்பு அதிகாரத்தில் ஒரு சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, என் தம்பியிடம் நீட்டினார். அதோடு பட்டியல்கள் முடிந்தன. அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் கோடு போட்டது 17-வது குறளில்.

அடுத்து மாப்பிள்ளை. சாகரம் என்றால் கடல், சாகரன் என்றால் கடலானவன். பெண்ணுக்குத் தமிழ்ப் பெயர், பையனுக்கு வடமொழிப் பெயர், அதனால் என்ன? சகரன் என்ற அரசனின் 60,000 பிள்ளைகள் பூமியைத் தோண்டிய பள்ளம்தான் கடலானது, அவன் பெயராலேயே அது சாகரம் ஆனது என்று புராணம் சொல்கிறது. அந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். தோண்டி முடித்தபோது அது வெறும் பள்ளம். அதே வம்சத்துப் பகீரதன் வானத்திலிருந்து கங்கையை இறக்கிக் கொண்டுவந்து அதற்குள் விட்டான். அதாவது பள்ளம் கடலாவதற்கு மேலேயிருந்து தண்ணீர் இறங்கி வர வேண்டியிருந்தது. மாப்பிள்ளை, உங்களைப் பள்ளம் என்று நான் சொல்லவில்லை. சம்பந்தியம்மா, நீங்களும் முறைக்காதீர்கள், இனிமேல்தான் நல்ல இடமே வருகிறது.

தம்பி போன் செய்து, “அக்கா, பையன் பேரு சாகரனாம்” என்றபோது, எனக்கு வேலை என்ன, படிப்பு என்ன என்று கேட்கவே தோன்றவில்லை. “இரு, அப்புறம் கூப்பிடுகிறேன்” என்று வைத்துவிட்டு அப்பாவின் புத்தகத்தைத் தேடினேன். அந்தக் குறளை அப்படியே சொல்கிறேன்:

நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி
தான்நல்கா தாகி விடின்.

எழிலி எங்கே இருக்கிறாள் என்று பார்த்தீர்களா? முதலடியின் கடைசியில். அதே அடியின் தொடக்கத்தில் யார் இருக்கிறார்? கடல். பேத்திக்குப் பெயர் வைக்கும்போதே மாப்பிள்ளைக்கும் அப்பா அதே அடியில் இடம் பார்த்து வைத்துவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கோடு என்னவோ ஒரு சொல்லுக்குக் கீழேதான் இருக்கிறது.

பொருள் இதுதான். மேகம் கடலிலிருந்து நீரை முகந்து, மறுபடி அதிலேயே பெய்யாமல் விட்டுவிட்டால், அவ்வளவு பெரிய கடலும் தன் தன்மையில் குறைந்துபோகும். எப்படிக் குறையும் என்பதற்குப் பரிமேலழகர் விளக்கம் தருகிறார்: நீர்வாழ் உயிர்கள் பிறக்காது, மணிகள் விளையாது. தண்ணீர் அங்கேயே இருக்கும், பரப்பும் இருக்கும். பார்க்கிறவர்களுக்குக் கடல் மாதிரிதான் தெரியும். உள்ளே மட்டும் ஒன்றும் பிறக்காது.

எனக்கு இந்தக் குறளில் பிடித்தது ‘கடலும்’ என்பதில் இருக்கும் அந்த ‘உம்’. மழை பொய்த்தால் வயல் காயும், குளம் வற்றும் என்று சொல்ல வள்ளுவர் வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாத ஒருவரிடம் போய், ஐயா, உமக்கும் மழை வேண்டும் என்கிறார். தனக்கு எதுவும் குறைவில்லை என்று நிம்மதியாக இருக்கிற ஆளுக்குச் சொன்ன பேச்சு அது. மாப்பிள்ளை அப்படித்தான் இருந்தார் என்று அவர் அக்காவே என்னிடம் சொன்னார். நல்ல வேலை, நாலு நண்பர்கள், வார விடுமுறையில் ஒரு புத்தகம், கேட்டதற்கு மட்டும் பதில். “அவனுக்கு எதுவும் தேவைப்பட்டதே இல்லை” என்றார். இப்போது இந்த மனிதர் நாங்கள் கேட்காமலேயே பேசுகிறார். போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஜோக் சொன்னார். ஜோக் சுமார்தான். ஆனால் அதைச் சொல்லும்போது எழிலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் சிரித்த பிறகுதான் தட்டுப் பக்கம் திரும்பினார்.

மேகத்துக்கும் ஒரு பங்கு சொல்ல வேண்டும் அல்லவா. இங்கே புவியியல் டீச்சர் கொஞ்சம் வெளியே வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆவியாக மேலே போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு கீழேயே தங்கிவிடும். அதனால்தான் கடலில் இருந்து வந்த மழையை நாம் குடிக்க முடிகிறது. ஆனால் ஆவி தானாகத் துளியாகிவிடாது. பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு துகள் வேண்டும். தூசு, புகை, அப்புறம் அலை உடையும்போது தெறித்துக் காற்றில் ஏறும் நுண்ணிய உப்பு. கடல் மேல் மிதக்கும் மேகங்களில் பல துளிகளுக்கு நடுவே கடலின் உப்பு ஒரு பொட்டு இருக்கிறது. அது இருப்பதால்தான் மேகத்துக்கு உருவம் கிடைக்கிறது.

அரை மணி நேரம் தாமதமாக வருவது தன் பிறப்புரிமை என்று இருந்தவள் எங்கள் எழிலி. சொந்தப் பிறந்தநாளுக்கே தாமதமாக வந்தவள். இப்போதெல்லாம் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து நிற்கிறாள், மற்றவர்களைக் கடிகாரத்தைக் காட்டி மிரட்டுகிறாள். அந்த உப்பு யாருடையது என்று எங்கள் குடும்பத்துக்கே தெரியும்.

கடலுக்கு முந்நீர் என்று ஒரு பெயர் உண்டு. ஆற்று நீர், ஊற்று நீர், மழை நீர் மூன்றும் சேர்ந்தது என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். மாப்பிள்ளை, அந்தக் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே எழிலியுடையது. சொத்து விவகாரத்தில் இதை யாரும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.

இன்னொரு இடம் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் மாப்பிள்ளையின் வேலை கப்பல் சரக்குக்கு ஏற்றுமதி, இறக்குமதிப் பத்திரம் பார்ப்பது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகம் வருகிறது. நிலத்திலிருந்து வந்த பொருள் கடலுக்குப் போகிறது, கடலிலிருந்து வந்த பொருள் நிலத்துக்கு ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் புலி முத்திரை குத்துகிறார்கள். அதற்குப் புலவர் சொல்லும் உவமை என்ன தெரியுமா? வானம் முகந்த நீரை மலையில் பொழிவதும், மலையில் பொழிந்த நீர் கடலில் போய்ப் பரவுவதும். ஆக, மாப்பிள்ளை நாள் முழுக்க ஆபீசில் உட்கார்ந்து பார்ப்பதே எழிலிக்கும் சாகரனுக்கும் நடக்கிற கொடுக்கல் வாங்கலைத்தான். என்ன, துறைமுகத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு உண்டு. இவர்களும் ஆரம்பத்தில் போனில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: சினிமா டிக்கெட் யார் எடுத்தது, காபிக்கு யார் கொடுத்தது, ஆட்டோவுக்கு யார். அதை எனக்கு எழிலி பெருமையாகக் காட்டினாள். மறுபடி ஒருநாள் கேட்டேன். “போன் மாத்தினப்போ அது போயிடுச்சு அத்தை” என்றாள். இரண்டு பேருமே அதைத் தேடவில்லையாம்.

கடைசியாக எனக்கு ஒரு கோரிக்கை, இதுவும் பாடத்திலிருந்துதான். கடலிலிருந்து ஆவியாகும் நீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு திரும்பக் கடலிலேயே மழையாக விழுந்துவிடுகிறது. மீதி ஒரு பங்கு காற்றோடு நிலத்துக்கு வந்து, ஆற்றில் ஓடி, சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஒன்பது பங்கை உங்களுக்குள்ளேயே பெய்துகொள்ளுங்கள், நாங்கள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டோம். அந்த ஒரு பங்கு மட்டும் எங்கள் பக்கம் வரட்டும். இரண்டு வீட்டு அப்பா அம்மாவுக்கும் வாரத்துக்கு ஒரு போன். எனக்கு எப்போதாவது ஒரு போட்டோ. மாப்பிள்ளையின் அந்த ஜோக்கைக் கூட அனுப்பலாம், நான் சிரிப்பேன்.

சாகரன், எங்கள் வீட்டு மேகத்தை உங்களிடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். மேகத்தை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது, அது தானாக வரும். எழிலி தானாகத்தான் வந்தாள். எழிலி, நீ நன்றாக முகந்துகொள், நன்றாகப் பெய்.

தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறான். எல்லோரும் அவரவர் கிளாஸைக் கையில் எடுங்கள். நான் எழிலி என்றால் நீங்கள் சாகரன் என்று சொல்ல வேண்டும், பின்வரிசை வரை கேட்க வேண்டும். தோழிகளே, ‘எலி’ என்று சொன்னால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

எழிலி!