விடுதி உணவுப் பட்டியலைச் சீர்செய்யக் கோரும் விண்ணப்பம்

விடுதி மாணவியர்,
பெண்கள் விடுதி,
ஹட்டன்.
2025.09.15

விடுதிப் பொறுப்பாசிரியை அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய அம்மா,

விடுதி உணவுப் பட்டியலில் சில மாற்றங்களைக் கோருதல்

விடுதியில் தங்கிப் படிக்கும் நாங்கள் 72 பேரும் கலந்து பேசி இக்கடிதத்தை எழுதுகிறோம். விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டும் சமையல் அக்காமாரின் உழைப்பையோ, விலைவாசி ஏறிய காலத்திலும் ஒருவேளைச் சாப்பாடுகூடத் தவறாமல் தாங்கள் பார்த்துக்கொண்டதையோ நாங்கள் மறக்கவில்லை. எங்கள் வேண்டுகோள் உணவின் சுவையைப் பற்றியதன்று. தட்டில் எது அதிகம், எது இல்லை என்பதைப் பற்றியது.

கடந்த இரண்டு வாரங்களில் பரிமாறப்பட்ட 42 வேளை உணவையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தோம். அவற்றில் 26 வேளை பருப்பும், 17 வேளை கோவா அல்லது உருளைக்கிழங்கும் இருந்தன. முட்டை இரண்டு முறையும், மீன் இரண்டு முறையும், கீரை ஒரே ஒரு முறையும் கிடைத்தன. பழம் ஒரு முறையும் இல்லை. திங்கட்கிழமைப் பகல் தட்டை எடுத்துக்கொண்டால், குவித்த வெள்ளைச் சோறு, அதன் மேல் தண்ணீராக ஓடும் பருப்பு, ஓரத்தில் மஞ்சள் போட்ட உருளைக்கிழங்கு என்றுதான் இருக்கும். சோறும் கிழங்கும் ஒரே வகை மாச்சத்து என்பதால் வயிறு நிறைகிறதே தவிர, மூன்று மணி வகுப்பில் மீண்டும் பசிக்கிறது. சென்ற மாதம் காலைக் கூட்டத்தில் எங்கள் தங்கைமாரில் ஒருத்தி மயங்கி விழுந்தபோது, வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்து இரும்புச்சத்துக் குறைவு என்றார்கள். அதற்கு விடுதி உணவுதான் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆயினும் மாதந்தோறும் இரத்தம் இழக்கும் வயதிலுள்ள பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து கூடுதலாகத் தேவை என்பதால், அந்தக் குறையை நிரப்பும் உணவு எங்கள் தட்டில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

கீழே வரும் விலைகளெல்லாம் 13ஆந் திகதி சனிக்கிழமை நகரச் சந்தையிலும் இரண்டு மொத்தக் கடைகளிலும் நாங்களே கேட்டு எழுதியவை.

முதலில் செலவைக் குறைக்கும் இரண்டு மாற்றங்களைச் சொல்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் நம்மில் பெரும்பாலோர் மச்சம் சாப்பிடாத நாட்கள். அந்த இரு காலைகளிலும் இப்போது பாணும் தேங்காய்ச் சம்பலும் தருகிறார்கள். 24 இறாத்தல் பாண் 120 ரூபாய் வீதம் 2,880, ஐந்து தேங்காய் 180 வீதம் 900, வெங்காயம், மிளகாய், தேசிக்காய்க்கு 200 என ஒரு காலைக்கு 3,980 ரூபாய் ஆகிறது. அதற்குப் பதிலாக அவித்துத் தாளித்த கடலை தந்தால், ஆளுக்கு 80 கிராம் என்ற கணக்கில் ஆறு கிலோ 450 வீதம் 2,700, நான்கு தேங்காய் 720, தாளிக்கும் சாமான் 180 என 3,600 ரூபாயுடன் முடிந்துவிடும். வாரத்துக்கு 760 ரூபாய் மிஞ்சும். கடலை அவிய நேரமெடுக்கும் என்பது தெரியும். முதல் நாள் இரவு படிப்பு முடிந்ததும் கழுவி ஊறப்போடும் வேலையை நாங்கள் முறைவைத்துச் செய்கிறோம்; இரவு முழுதும் ஊறிய கடலையை விறகடுப்பில் ஏற்றினால் எரிவாயுவும் செலவாகாது.

திங்களும் வியாழனும் பகலில் உருளைக்கிழங்குக்குப் பதில் கீரைச் சுண்டல் வேண்டும். ஆறு கிலோ கிழங்கு 280 வீதம் 1,680 ரூபாய். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் ஆகியவற்றில் எது மலிவோ அதை 15 கட்டு 60 வீதம் வாங்கினால் 900, இரண்டு தேங்காய் 360, ஆக 1,260 ரூபாய். இதிலும் வாரத்துக்கு 840 ரூபாய் மிஞ்சும். சந்தையில் மரக்கறிக் கடைக்காரர்கள் பீட்ரூட் இலையையும் நோக்கோல் இலையையும் முறித்துக் கூடையோரம் ஒதுக்கிவிடுகிறார்கள். வீட்டில் எங்கள் அம்மாமார் சுண்டி வைப்பது அதே இலைதான். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் சும்மாவே தருவதாக ஒரு கடைக்காரர் சொன்னார். அதை இக்கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை.

கூடுதல் செலவு மூன்று இடங்களில் வரும். இப்போது வாரம் ஒரு முட்டை தருகிறார்கள். சனிக்கிழமை இன்னொன்று சேர்த்தால் 36 வீதம் 2,592 ரூபாய். புதன் பகலில் நெத்தலிக் கருவாடு ஆளுக்கு 20 கிராம் வீதம், சைவ மாணவியர் ஒன்பது பேர் நீங்கலாக 63 பேருக்கு ஒன்றேகால் கிலோ, கிலோ 1,200 ரூபாய் என்பதால் 1,500. அந்த ஒன்பது பேருக்கும் சோயா மீட் இரண்டு பைக்கற்று 260. நெத்தலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது, பால் வாங்கக் கட்டுப்படாத நிலையில் இது பெரிய உதவி. மூன்றாவதாக, வாரம் இருமுறை ஆளுக்கொரு வாழைப்பழம், ஒரு முறைக்கு ஆறு கிலோ 200 வீதம் 1,200, இரு முறைக்கு 2,400. மொத்தம் 6,752 ரூபாய். மிஞ்சும் 1,600ஐக் கழித்தால் வாரத்துக்கு 5,152 ரூபாய் துண்டு விழுகிறது.

இதை எப்படி ஈடுசெய்வது என்றும் யோசித்தோம். கழிவு வாளியில் சேரும் சோற்றை ஒரு வாரம் நிறுத்துப் பார்த்ததில், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ போகிறது. கொட்டுகிறவர்கள் நாங்கள்தான் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். ஐந்து கிலோ சோறு என்பது இரண்டு கிலோ அரிசிக்குச் சமம். கிலோ 230 வீதம் வாரத்துக்கு 3,220 ரூபாய். முதலில் குறைவாகப் போட்டுக்கொண்டு வேண்டுமானால் மறுபடி கேட்பது என்ற வழக்கத்துக்கு வந்தால் அதில் பாதி, அதாவது 1,610 ரூபாயை நிச்சயம் மிச்சப்படுத்தலாம். அப்போது துண்டு விழுவது 3,542 ரூபாய். ஒருவருக்கு வாரம் ஏறத்தாழ 49, மாதம் 213 ரூபாய். எங்களில் பலருடைய அம்மாமார் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவர்கள். ஆகவே கட்டணத்தை உயர்த்தியே தீர வேண்டும் என்றால் மாதம் 250 ரூபாய்க்கு மேல் போகாதவாறு பார்த்துக்கொள்ளுமாறு கேட்கிறோம். அதையும் கட்ட முடியாத பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்களைத் தங்களிடம் தனியாகத் தருகிறோம், அவர்களிடம் கேட்காமல் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் அனைவரின் விருப்பம்.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. பகற் சாப்பாடு முடிந்த கையோடு தேத்தண்ணி ஊற்றுகிறார்கள். கீரையிலும் கடலையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலைச் சாயம் குறைத்துவிடும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறோம். தேத்தண்ணியை மூன்றரை மணிக்கு மாற்றி, சுண்டலில் தேசிக்காய்ப் புளி விட்டுத் தந்தால் இதே சாப்பாடு உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். குளிர் நாளில் சாப்பிட்டவுடன் சூடாகக் குடிப்பது எங்களுக்கும் பிடிக்கும். வெந்நீர் தந்தால் போதும்.

அக்டோபர் மாதம் முழுவதும் இப்பட்டியலைப் பரீட்சார்த்தமாக நடத்திப் பார்க்க அனுமதி தருமாறு வேண்டுகிறோம். நவம்பரில் உயர்தரப் பரீட்சை எழுதும் அக்காமாருக்கு அது பேருதவியாக இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இருவர் சந்தை விலையைக் கேட்டு வந்து தங்கள் கணக்குப் புத்தகத்துக்குத் தருவார்கள். ஏதாவதொரு பொருள் விலை ஏறினால் அந்த வாரம் அதை விட்டுவிட நாங்கள் தயார். 42 வேளை உணவையும் எழுதிய கொப்பியையும் விலைக் குறிப்புகளையும் இத்துடன் இணைத்துள்ளோம். சமையல் அக்காமாரையும் வைத்துக்கொண்டு பேச, தங்களுக்கு வசதியான ஒரு மாலையில் நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள மாணவியர் 72 பேர் சார்பில்,
விடுதி மாணவத் தலைவியும் சாப்பாட்டுக் குழுவினரும்